மூணு பேரோட ஆர்கானிக் நோட்ஸ் ஸ்கேன் கையில இருக்கு, எதை அனுப்ப?

பாளை கெமிஸ்ட்ரி

வணக்கம். பாளையங்கோட்டையில பி.எஸ்சி. வேதியியல் ரெண்டாம் வருஷம் படிக்கேன். எங்க வகுப்புல ஆறு பேர் பத்து நாள் என்.சி.சி. முகாமுக்குப் போயிட்டாங்க. சரியா அந்த நாள்லதான் மேடம் SN1, SN2 மெக்கானிசம் முழுசையும் எட்டு வகுப்புல நடத்தி முடிச்சிட்டாங்க. திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் இன்டர்னல். அந்த ஆறு பேருக்கும் ஒரு நல்ல நோட்ஸ் அனுப்பணும், அந்தப் பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு.

மூணு பேர் ஸ்கேன் பண்ணித் தந்திருக்காங்க. முதல் நோட்டு அம்பாசமுத்திரத்துல இருந்து பஸ்ஸுல வர்ற தோழியோடது. 22 பக்கம், நீல ஜெல் பேனா, அச்சடிச்ச மாதிரி எழுத்து. ரெண்டாவது 31 பக்கம். எழுத்து சுமார்தான், ஆனா போர்டுல இருந்ததை ஒண்ணு விடாம எழுதியிருக்கா. படமெல்லாம் பென்சில்ல போட்டிருக்கா, ஸ்கேன்ல பாதிப் படம் தெரியல. மூணாவது ஒரு பையனோடது, 17 பக்கம். கோழி கிண்டின மாதிரி எழுத்து, ஓரத்துல எல்லாம் அம்புக்குறி போட்டு ஏதோ எழுதி வச்சிருக்கான்.

மூணையும் அனுப்பினா 70 பக்கம். எதைப் படிக்கன்னு தெரியாமக் குழம்பிருவாங்க. எது நல்லா வாசிக்க வருது, எது முழுசா இருக்குன்னு எப்படி முடிவு பண்ண? மூணு பிடிஎஃப்பையும் இங்க இணைச்சிருக்கேன், மூணு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான்.

முக்கூடல் சிவா

முதல் நோட்டை அனுப்பு தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். எழுத்து நல்லா இருந்தாத்தான் பரீட்சை நேரத்துல ஒருத்தன் உக்காந்து வாசிப்பான். ரெண்டாவது 31 பக்கம் இருக்குன்னு மயங்காதே. சில பேர் ரெண்டு வரி விட்டு எழுதுவாங்க, பக்கம் கூடும், விஷயம் கூடாது. உனக்கு ரெண்டாவதுதான் வேணும்னா ஸ்கேன் ஆப்ல பி அண்ட் டபிள்யூ ஃபில்டரைப் போடு, மங்கலெல்லாம் போய் பளிச்சுனு ஆயிரும்.

சேரன்மகாதேவி நூலகர்

நான் வேதியியல் படிச்சிட்டு ஒரு கல்லூரி நூலகத்துல இருந்தவன். பழைய கையெழுத்து நோட்டுகளை ஸ்கேன் பண்றது பல வருஷமா என் வேலை. மூணையும் திறந்து பார்த்தேன்.

சிவா தம்பி பக்கக் கணக்கைப் பத்திச் சொன்னது சரி. ஃபில்டர் விஷயம் நேர்மாறு. ரெண்டாவது நோட்டைக் கெடுத்ததே அந்த ஃபில்டர்தான். இதை ஓட்டிப் பார்த்தேன்:

```
pdfimages -list nottu2.pdf
```

அதுல `bpc`-ங்கிற பத்தியில எல்லாப் பக்கத்துக்கும் 1 காட்டுது. அப்படின்னா ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லைன்னா வெள்ளை. நடுவுல சாம்பல் நிறமே கிடையாது. பேனா எழுத்து கறுப்புப் பக்கம் சேர்ந்துரும். பென்சில் கோட்டுல அழுத்திப் போட்ட இடம் கறுப்பாகும், லேசாப் போட்ட இடம் காகிதத்தோட சேர்ந்து வெள்ளையாயிரும். முதல் நோட்டுல அதே இடத்துல 8 இருக்கு, அதனால லேசான கோடும் அப்படியே தெரியுது. ஆக நீ இப்ப ரெண்டு பேர் எழுத்தை ஒப்பிடல மக்கா, ரெண்டு விதமான ஸ்கேனைத்தான் ஒப்பிடுத.

இதனால என்ன ஆகும்னு 14-ம் பக்கத்துல பாரு. SN1-க்கான ஆற்றல் வரைபடம். ரெண்டு மேடு, நடுவுல கார்போகேஷன் இருக்கிற குழி. அந்தப் பிள்ளை குழியை லேசாப் போட்டிருக்கு போல, ஸ்கேன்ல காணோம். ரெண்டு மேட்டுத் துண்டும் அந்தரத்துல நிக்கி. வகுப்புக்கு வராத பையன் அதைச் சேர்த்து ஒரே மேடா வரைஞ்சுக்கிடுவான். அது SN2 படம். 9-ம் பக்கத்துல Br⁻ எழுதுன இடத்துல மைனஸ் இல்லாம வெறும் Br நிக்கி.

வெள்ளையாப் போன புள்ளி எந்த ஃபில்டர் போட்டாலும் திரும்பி வராது. நோட்டையே வாங்கி மறுபடி எடு. சாம்பல் அல்லது கலர்ல, ஸ்கேனர்னா 300 டிபிஐ. போன்ல எடுத்தா ஃபிளாஷ் வேண்டாம், பென்சில் கரி மினுங்கி கோடு வெள்ளையடிக்கும். ஜன்னல் பக்கம் வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி எடு. எடுக்கிற தாளுக்கு அடியில ஒரு கறுப்பு அட்டை வை, பின்பக்க எழுத்து தெரியிறது குறையும். வாட்ஸப்புல அனுப்பும்போது படமா அனுப்பாதே, டாக்குமெண்டா அனுப்பு. படமாப் போனா அது அளவைச் சுருக்கிரும்.

அது முடிஞ்சதும் ஒப்பிடு. எது முழுசுன்னு பார்க்க, மூணு நோட்டையும் வச்சு மேடம் சொன்ன ஒவ்வொரு விஷயத்தையும் ஒரே பட்டியலா எழுது. அப்புறம் எந்த நோட்டுல எது இல்லைன்னு பார். ஒரே ஒரு நோட்டை அளவுகோலா வச்சா, அதுல விட்டுப்போனது உனக்குத் தெரியவே தெரியாது.

வாசிக்க வருதான்னு நீ பார்க்காதே. நீ வகுப்புல இருந்தவ, பாதியை ஞாபகத்துல இருந்து வாசிச்சிருவ. முகாமுக்குப் போன ஆறு பேர் இருக்காங்கள்ல, அவங்களை வச்சுப் பாரு. ஒரே விஷயம் வர்ற பக்கத்தை நோட்டுக்கு ரெண்டு பேரா கொடு. யார்கிட்டயும் கேட்காம பத்து நிமிஷம் பார்த்து எழுதச் சொல்லு. எங்க நின்னு யோசிச்சாங்களோ அங்க ஒரு புள்ளி. எழுதினதை நீ வாங்கிச் சரிபாரு. நின்ன இடத்தைவிட, நிக்காமத் தப்பா எழுதின இடத்தைத்தான் கவனமாத் தேடணும்.

ஸ்ரீவைகுண்டம் அக்கா

எங்க வீட்டுல 2023 டிசம்பர் வெள்ளத்துல தம்பி நோட்டெல்லாம் ரெண்டு நாள் தண்ணியில கிடந்துச்சு. ஜெல் பேனா எழுத்து அப்படியே கரைஞ்சு நீலத் தண்ணியா ஆயிட்டு. பால் பேனா நின்னுச்சு, பென்சிலும் நின்னுச்சு. காயவச்சு நாங்க இப்ப வரைக்கும் அதைத்தான் பார்க்கோம். அதனால முதல் நோட்டு ஜெல் பேனான்னா நம்ப வேண்டாம்மா.

பாளை கெமிஸ்ட்ரி

அக்கா, நோட்டு நனையல, ஸ்கேன்தான் அனுப்பப் போறோம். ஆனா நீங்க சொன்னதைக் கேட்டு அவகிட்ட மூல நோட்டைப் பத்திரமா வைக்கச் சொல்லிட்டேன்.

அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். முடிவு நான் நினைச்சதே இல்ல.

ரெண்டாவது நோட்டை வாங்கி வீட்டுத் தார்சால்ல வச்சு சாம்பல்ல எடுத்தேன். குழி தெரியுது, மைனஸ் தெரியுது.

பட்டியல்ல 43 விஷயம் வந்துச்சு. முதல் நோட்டுல 35. இல்லாத எட்டுல ஆறு, ரெண்டே ரெண்டு நாள்ல வகுப்பு தொடங்கின முதல் கால் மணி நேரத்துல சொன்னது. அவகிட்ட கேட்டேன். அந்த ரெண்டு நாளும் பஸ் பிந்திட்டாம். நோட்டைப் பார்த்தா ஓட்டையே தெரியல, ஏன்னா வந்து உக்காந்ததுல இருந்து புதுத் தலைப்பு போட்டு அழகா எழுதியிருக்கா. ரெண்டாவது நோட்டுல 38. மூணாவதுல 31தான், ஆனா அதுல அஞ்சு விஷயம் வேற யார்கிட்டயுமே இல்ல. அது எல்லாம் மேடம் போர்டுல எழுதாம வாயால சொன்னது. ஓரத்துல கிறுக்கினது அதுதான்.

வாசிச்சுப் பார்க்க 3-புரோமோ-3-மெத்தில்ஹெக்சேன் நீராற்பகுப்பு வர்ற பக்கத்தைக் கொடுத்தேன். முதல் நோட்டைப் பார்த்து எழுதின ரெண்டு பேரும் ஒரு இடத்துலகூட நிக்கல. ஆனா ரெண்டு பேரும் ஒரே தப்பை எழுதியிருக்காங்க. வளைஞ்ச அம்பு C–Br பிணைப்புல கிளம்பி Br-க்குப் போகணும். நோட்டுல Br-ல கிளம்பி கார்பனுக்கு வருது. ரெண்டாவது நோட்டுல ஒருத்தர் மூணு இடத்துல நின்னார், இன்னொருத்தர் அஞ்சு இடத்துல. எழுதினது சரி. மூணாவதுல 11, 9. அதுல பாதிக்கு மேல n-ம் u-வும் ஒரே மாதிரி இருக்கிறதால வந்தது. ரெண்டாவது பக்கம் போகும்போது பழகிட்டுன்னு ஒருத்தன் சொன்னான்.

முக்கூடல் சிவா

ஃபில்டர் விஷயத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. ஒரு அம்பைத் திருத்தி, விட்டுப்போன எட்டையும் சேர்த்தா முதல் நோட்டு 25 பக்கத்துல முடிஞ்சிரும். நிக்காம வாசிக்கிறதுக்கு மதிப்பு இல்லையா? ஒருத்தன் பக்கத்துக்கு அஞ்சு தடவை நின்னா 31 பக்கத்துல எத்தனை தடவை நிப்பான்?

சேரன்மகாதேவி நூலகர்

நியாயமான கேள்வி. ஆனா ஒரு பக்கத்துலதான் சோதிச்சிருக்கு. அதுலயே ஒரு அம்பு தப்பு. மத்த 21 பக்கத்துல எத்தனைன்னு பார்க்காம அதை அனுப்ப எனக்கு மனசு வராது. புரியாத எழுத்தைப் பார்த்தா பையன் இன்னொருத்தன்கிட்ட கேப்பான். தெளிவா இருக்கிற தப்பை யாரும் கேக்க மாட்டாங்க, அப்படியே பரீட்சையில எழுதுவாங்க. யாராவது ஒருத்தர் பாடப்புத்தகத்தோட உக்காந்து அந்த 22 பக்கத்துலயும் அம்புகளை மட்டும் சரிபார்த்தா, சிவா சொல்றதுக்கு நானும் வருவேன்.

மூணாவது நோட்டுல உள்ள அந்த அஞ்சு என்னென்ன மக்கா?

பாளை கெமிஸ்ட்ரி

முக்கியமானது ஒண்ணு சொல்லுதேன். மத்த ரெண்டு நோட்டுலயும் SN1-ல வர்ற ஆல்கஹால் ரெசிமிக்னு மட்டும் இருக்கு. அவன் ஓரத்துல, "சரிபாதி இல்ல, தலைகீழ் கொஞ்சம் கூட" அப்படின்னு எழுதியிருக்கான். விட்டுப்போற Br⁻ கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை மறைச்சு நிக்கிறதால, தண்ணி எதிர்ப்பக்கம் கூடுதலா வருதுன்னு மேடம் சொன்னதா ஞாபகம். ஆனா அதை இந்தச் சேர்மத்துக்குச் சொன்னாங்களா, பொதுவாச் சொன்னாங்களான்னு அவனுக்கும் எனக்கும் ஒத்து வரல.

ரெண்டாவது நோட்டைப் புது ஸ்கேன்ல அனுப்பி, கடைசியில அந்த அஞ்சையும் சேர்க்கலாம்னு இருக்கேன். ஆனா அவன் தன் எழுத்தை ஆறு பேர் பார்க்கிறதுக்குக் கூச்சப்படுதான். விஷயத்தை எடுத்துக்கோ, பக்கத்தை அனுப்பாதேங்கான்.

சேரன்மகாதேவி நூலகர்

அப்ப நீயே தனித்தாள்ல எழுது. மேல "வகுப்பில் வாய்மொழியாகச் சொன்னது, வேறொரு நோட்டிலிருந்து" அப்படின்னு போடு. தலைகீழ் விஷயத்துக்குப் பக்கத்துல "மேடத்திடம் கேட்க வேண்டும்"னு எழுதிரு. ஸ்கேன் பக்கத்து மேல எதையும் எழுதாதே, எது அந்தப் பிள்ளை எழுதினது, எது நீ சேர்த்ததுன்னு பின்னால தெரியாமப் போயிரும்.

முகாம்ல இருந்து வந்தவன்

அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தன். ரெண்டாவது நோட்டுப் புது ஸ்கேன் வந்துட்டு, படமெல்லாம் நல்லாத் தெரியுது. 17-ம் பக்கம் இடது ஓரம் தையல் மடிப்புக்குள்ள போயிருக்கு. அஞ்சு வரியிலயும் முதல் ஒண்ணு ரெண்டு எழுத்து இல்ல. அதுல ஒரு வரி கரைப்பானைப் பத்தி. "...ரோட்டிக்"னு தொடங்குது. புரோட்டிக்கா, அப்ரோட்டிக்கா?

பாளை கெமிஸ்ட்ரி

அது ரெண்டுக்கும் விடையே மாறிருமே. நோட்டு அவகிட்ட திரும்பப் போயிட்டு. மடிப்பை நல்லா விரிச்சு அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். அது வர்ற வரைக்கும் அந்த வரியை விட்டுட்டு அடுத்ததைப் படி.