மைக்ரோஸ்கோப்பில் இல்லாதது எம்.ஆர்.டி.யில் எப்படி வந்தது?

மாங்குளம் அம்மா
மகனுக்கு ஆறு வயது, பி செல் ஏ.எல்.எல். என்கிற இரத்தப் புற்றுநோய். முதல் கட்ட மருந்து முடிய, 29ஆம் நாள் என்புமச்சை எடுத்தார்கள். பிளாஸ்ட் என்கிற இளம் கலங்கள் 2 சதவீதம், நோய் அடங்கிவிட்டது, ரெமிஷன் என்றார்கள். என் அம்மா உடனே நாகதம்பிரானுக்குப் பொங்க நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு, மிஞ்சிய புற்றுக்கலங்களைத் தேடுகிற எம்.ஆர்.டி. சோதனையின் ரிப்போட் வந்தது: 0.06 சதவீதம். மருந்தைக் கூட்ட வேண்டுமாம். எது சரி?

வவுனியா லாப்காரன்
இரண்டும் சரிதான் அக்கா. நல்ல மச்சையிலும் இளம் கலங்கள் கொஞ்சம் இருக்கும். அதனால் மைக்ரோஸ்கோப்பில் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெமிஷன் என்பார்கள். நோய் தொடங்கும்போது உடம்பில் லட்சம் கோடி அளவில் புற்றுக்கலங்கள் இருக்கலாம், ரெமிஷனிலும் ஆயிரம் கோடி மிஞ்சலாம். மகனுடையது பத்தாயிரம் கலத்தில் ஆறு. கண்ணுக்குப் பிடிபடாது. ஃப்ளோ இயந்திரம் ஒவ்வொரு கலத்தின் மேலும் உள்ள சி.டி.19, சி.டி.10 போன்ற அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துப் பிடிக்கும். பல சிகிச்சை முறைகளில் அந்த நாளில் 0.01 சதவீதம்தான் எல்லைக்கோடு, அதைத் தாண்டியதால்தான் மருந்தைக் கூட்டச் சொல்கிறார்கள்.

கிளிநொச்சி ரவி
தம்பியின் மகளுக்கும் அதே நோய், எம்.ஆர்.டி. நெகட்டிவ். ஒரு கலமும் இல்லை என்றுதானே அர்த்தம்? இனி ஏன் குளிசை என்று தம்பி கேட்கிறான்.

வவுனியா லாப்காரன்
நிறுத்த விடாதீர்கள் அண்ணை! நெகட்டிவ் என்றால் அந்தச் சோதனை பிடிக்கிற அளவுக்குக் கீழே என்றுதான். ஃப்ளோ ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்றைப் பிடிக்கும், மரபணுவை வைத்துத் தேடுகிற பி.சி.ஆர். சோதனை லட்சத்தில் ஒன்று வரை போகும். அதற்குக் கீழே இருப்பதைக் கொல்லத்தான் அந்தக் குளிசை.
நெகட்டிவ் வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊசியில் முதலில் இழுக்கிற கொஞ்ச மச்சைதான் எம்.ஆர்.டி.க்குப் போக வேண்டும். அடுத்தடுத்த இழுப்பில் இரத்தம் கலந்து எண் பொய்யாகக் குறையும். எத்தனை கலம் எண்ணினார்கள் என்பதும் முக்கியம். ஐம்பதாயிரம்தான் எண்ணியிருந்தால், 0.01 சதவீதம் என்பது வெறும் ஐந்து கலம். அதை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மூன்று லட்சம் எண்ணினால் முப்பது வரும், அது தனிக் கூட்டமாகத் தெரியும். நல்ல ரிப்போட்டில் இந்த எண்ணிக்கையும், இரத்தம் கலந்திருந்தால் அதுவும் எழுதியிருக்கும்.

முள்ளியவளை
அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கா கையில் இரத்தம் மட்டும்தான் எடுக்கிறார்கள், இமாடினிப் குளிசை. பிள்ளைக்கு ஏன் முதுகில் குத்துகிறார்கள்?

வவுனியா லாப்காரன்
அப்பாவுடையது சி.எம்.எல்., அது வேறு வகை இரத்தப் புற்றுநோய். அதில் பி.சி.ஆர். சோதனை இரத்தத்திலேயே BCR-ABL மரபணுவைத் தேடும். பி செல் ஏ.எல்.எல்.லில் இரத்தத்தில் கலம் மச்சையைவிட நன்றாகக் குறைந்து தெரியும்.

மாங்குளம் அம்மா
அப்ப 0.06 பிழையாகவும் இருக்கலாமா?

வவுனியா லாப்காரன்
மச்சை திரும்ப முளைக்கும்போது வருகிற நல்ல இளம் பி கலங்கள் புற்றுக்கலம் போலவே இருந்து ஏமாற்றும். ஆனால் 29ஆம் நாளில் ஸ்டீரொய்ட் அவற்றை அமுக்கி வைத்திருக்கும். ஆகவே அந்த வாய்ப்பு குறைவு. முதல் நாள் எடுத்த ஃப்ளோவோடு ஒப்பிட்டார்களா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

மாங்குளம் அம்மா
கேட்கிறேன் தம்பி. அடுத்த கட்டம் முடிய, 12ஆம் கிழமையளவில் திரும்ப எடுப்பார்களாம். அம்மாவிடம் பொங்கலைப் பிறகு பார்ப்போம் என்றேன், கேட்கிறாரில்லை.