கறுப்புக் கட்டத்துக்குக் கீழே பெயர் அப்படியே இருக்கிறது

தேன்மொழி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு விசாரணை அறிக்கை பிடிஎஃப்பாக வந்தது. புகார் கொடுத்த பெண்களின் பெயர்கள் மேல் கறுப்புக் கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் பெயர்கள் வந்துவிடுகின்றன! அனுப்பியவரிடம் உடனே சொல்லிவிட்டேன். உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா? எப்படி முழுசாக நீக்கினீர்கள்?

பாரி: 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவிலும் இதுதான் நடந்தது. கட்டத்தின் கீழிருந்த வரிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்துப் படித்துவிட்டார்கள்.

குமரன்: கட்டம் போட்டபின் பிரிண்ட் கொடுத்து மறுபடி பிடிஎஃப்பாகச் சேமித்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ரஹீம்: பாஸ்வேர்டு போட்டு அனுப்பலாமே? எங்கள் சம்பளப் பட்டியல் அப்படித்தான் வருகிறது.

சரஸ்வதி: ரஹீம் அண்ணா, பாஸ்வேர்டு தெரிந்தவர் திறந்ததும் பெயர் தெரிந்துவிடும். இங்கே படிப்பவருக்கே பெயர் போகக் கூடாது.

குமரன், பிரிண்ட் கொடுக்கும்போது பல நேரம் எழுத்து எழுத்தாகவே போய், அதன் மேல் கட்டம் உட்காரும். அக்ரோபாட்டில் Advanced போய் Print As Image தேர்ந்தால்தான் பக்கம் வெறும் படமாகும்.

வக்கீல் அலுவலகத்தில் எங்கள் வழக்கம் இது: அக்ரோபாட் ப்ரோவில் Redact கருவியால் பெயர்களைக் குறிப்போம். குறித்தது மட்டும் எதையும் அழிக்காது. Apply கொடுத்தால்தான் எழுத்து போகும். அப்போது மறைந்திருக்கும் தகவல்களையும் நீக்கச் சொல்லி, வேறு பெயரில் சேமிப்போம். ஸ்கேன் செய்த கோப்பில் கூடுதல் கவனம் வேண்டும். படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் ஓட்டியிருந்தால் படத்துக்குப் பின்னால் எழுத்து அடுக்கு ஒன்று ஒளிந்திருக்கும். படத்தில் மட்டும் கறுப்படித்தால் அது அப்படியே தங்கிவிடும்.

தமிழ்ப் பெயர்களைத் தேடிக் குறிக்கும் வசதியை நான் நம்புவதே இல்லை. பல தமிழ்ப் பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறிப் பதிந்திருக்கும், பழைய எழுத்துருவென்றால் உள்ளே வேறு எழுத்தே இருக்கும். கண்ணுக்குப் பெயர் தெரியும், தேடினால் கிடைக்காது. பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். சோதிக்கும்போதும் இதே சிக்கல்தான். அதனால் டெர்மினலில் கீழே உள்ள கட்டளை கொடுத்து மொத்த எழுத்தையும் veliye.txt கோப்பில் வெளியே எடுத்து, மறைத்த இடங்களைச் சுற்றிப் படித்துப் பாருங்கள்:

```
pdftotext -layout arikkai.pdf veliye.txt
```

தேன்மொழி: நன்றி அக்கா. எங்களிடம் அக்ரோபாட் ப்ரோ இல்லையே?

சரஸ்வதி: லிப்ரே ஆஃபீஸில் Tools போய் Redact இருக்கிறது, இலவசம். அதன் Redacted Export பக்கங்களைப் படமாக மாற்றித் தரும். கீழே எழுத்தே மிஞ்சாது.

பாரி: எங்கள் குழுவில் பார்வையற்ற நண்பர் இருக்கிறார். படமாக்கினால் அவருடைய ஸ்கிரீன் ரீடர் படிக்காதே?

சரஸ்வதி: கறுப்படித்த படத்தின் மேல் மறுபடி ஓசிஆர் ஓட்டலாம், மறைத்த பெயர் திரும்ப வராது. ஆனால் தமிழில் பிழை நிறைய வருகிறது, மங்கலான ஸ்கேன் என்றால் இன்னும் மோசம். அதற்கு நல்ல வழி எனக்கு இன்னும் அமையவில்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.