மெஷின் தூக்கினதில் பாதி தப்பாமே?

மணிமாறன்: 2020 ஏப்ரல்–ஜூன்ல விதி மீறின வீடியோவைப் பார்த்து நீக்கற ஆட்களை யூடியூப் குறைச்சுட்டு மெஷினை நம்புச்சு. அது தூக்கின வீடியோவுல பாதி தப்புன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டாச்சு. இன்னும் எதுக்கு முட்டுக் கொடுக்கறீங்க?

பொதிகை: எதுல பாதி? அந்த மூணு மாசத்துல போனது 1.14 கோடி வீடியோ. மேல்முறையீடு வந்தது அதுல 3 சதவீதத்துக்கும் கம்மி, அதாவது 3.42 லட்சத்துக்குக் கீழே. அந்த முறையீட்டுலதான் பாதி திரும்பி வந்துச்சு. முன்னாடி கால்பங்கு வந்துட்டு இருந்துச்சு. கணக்கு தெரியாம கூவாதீங்க சார்.

ஃபாத்திமா: முறையிடாதவங்க எல்லாம் குத்தவாளியா? ஆள் பார்க்காம தூக்கின வீடியோவுக்கு அப்போ பெரும்பாலும் ஸ்ட்ரைக், அதாவது சேனல் மேல விழற தண்டனைப் புள்ளி, கிடையாது. ஸ்ட்ரைக் இல்லேன்னா யார் மெனக்கெட்டு முறையிடுவா? உங்க 3 சதவீதமும் எதையும் காட்டல.

பொதிகை: காட்டுதுன்னு நான் எங்கம்மா சொன்னேன்? பாதின்னு சொல்ல வழியில்லைங்கறேன். கிளாசிஃபையர்ங்கற அந்த மெஷின், வீடியோ விதியை மீற எவ்வளவு வாய்ப்புன்னு மார்க் போடும். மார்க் மேல் எல்லைக்கோட்டைத் தாண்டினா வீடியோ தானா போயிடும், நடுவுல விழுந்தது ரிவ்யூவர், அதாவது பார்த்து முடிவு பண்ற ஆள், வரிசைக்குப் போகும். கொரோனாவுல அந்த வரிசையைப் பார்க்கப் போதுமான ஆள் இல்லை. நடுவுல கிடக்கிறதை விடணும், இல்லேன்னா தூக்கணும். குழந்தைப் பாதுகாப்பு, தீவிரவாதம் ரெண்டுலயும் தெரிஞ்சேதான் தூக்கற பக்கம் சாஞ்சாங்க. மெஷின் ஒரே ராத்திரியில முட்டாளாகல. அந்த எல்லைக்கோட்டை இறக்கினது மனுஷன்.

குமார்: அண்ணே, எங்க வீட்டுக் கல்யாண வீடியோ பாட்டுக்காகப் போச்சே, அதுவும் இந்தக் கோடுதானா?

பொதிகை: அது காப்புரிமை தம்பி. பாட்டை உரிமைக்காரங்க கொடுத்த ஒலியோட ஒப்பிடற வேற ஏற்பாடு. இங்க கொண்டாந்து குழப்பாதீங்க.

மணிமாறன்: அப்ப ஆள் நிறைய இருந்த 2017-ல சிரியா போர் வீடியோ எல்லாம் ஏன் போச்சு? பதில் சொல்லுங்க மேதாவி.

பொதிகை: குண்டு விழுந்த தெருவைப் படம் பிடிச்சவர் ஊர் பேரும் தேதியும் மட்டும் தலைப்புல போட்டிருப்பார். மெஷினுக்குத் தெரியறது துப்பாக்கி, கொடி, பிணம். யார் எதுக்கு ஏத்தினாங்கன்னு அதுக்குத் தெரியாது. ஆவணமாப் பதிவு பண்ணின வீடியோவுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனா தலைப்புலயோ குறிப்புலயோ பேச்சுலயோ விளக்கம் இருந்தாத்தான் ரிவ்யூவர் அதைக் கொடுக்க முடியும். அரபி தெரியாத ஆள்கிட்ட விழுந்தா அவரும் 'நீக்கு'ன்னுதான் அழுத்துவார். அந்த முடிவே பாடமா மெஷினுக்குத் திரும்பிப் போகும். அடுத்த தடவை அதே மாதிரி வீடியோவுக்கு மார்க் இன்னும் ஏறும்.

ஃபாத்திமா: அப்போ மனுஷனோட தப்பைத்தான் மெஷின் பெருக்குது. இவ்வளவு நேரம் மெஷினுக்கு வக்கீலா வாதாடினீங்களே?

பொதிகை: நான் வாதாடினது கணக்குக்கு. எதுல பாதி?

மணிமாறன்: தேர்தல் இழையிலயும் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடிச்சுத் தொங்கினீங்க. பாதின்னா பாதிதான் சார்.

பொதிகை: 3 சதவீதத்துல பாதி. இன்னொரு தடவை எழுதட்டுமா?