ஈப்போ அத்தைக்கு எஸ்டிமேட் வந்தாச்சு: குடும்பக் குழு, காவேரிப்பட்டினம்

செந்தில்: ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து மலேசியாவில் இருக்கிற ஈப்போ அத்தைக்கு எஸ்டிமேட் லெட்டர் வந்துவிட்டது. போட்டோ மங்கல், அதனால் டைப் செய்கிறேன். வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் 5 நாள், அதில் 1 நாள் ஐசியூ. இருவர் தங்கும் அறை. பேக்கேஜ் 3,20,000 ரூபாய். அட்மிஷன் அன்றே முழுப் பணமும் கட்ட வேண்டும். லெட்டர் 30 நாள் செல்லும்.

முருகேசன் மாமா: மூணு லட்சத்து இருபதாயிரமா? மூட்டுக்கு அரசாங்கம் விலை கட்டிவிட்டதே. அறுபதாயிரத்துக்குள் முடிய வேண்டியது. வெளிநாட்டுக்காரி என்றதும் தீட்டுகிறார்கள்.

கவிதா: மாமா, 2017-இல் விலை கட்டியது உள்ளே வைக்கிற மூட்டுக்கு மட்டும்தான். தியேட்டர், டாக்டர், மயக்க ஊசி, அறை எதற்கும் அந்த உச்சவரம்பு கிடையாது. நான் ஆஸ்பத்திரி பில்லிங்கில் தினமும் பார்ப்பது இது. மூட்டின் கம்பெனி, மாடல், விலை மூன்றையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஃபைலில் மூட்டுப் பெட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரோஜா பெரியம்மா: எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் தர்மபுரியில் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. ஒரு பைசா கேட்கவில்லை. அவளுக்கும் ஒரு அட்டை போட்டுவிடலாமே?

கவிதா: அது இங்கே ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் இருக்கிறவர்களுக்கு, பெரியம்மா. அத்தை மலேசியக் குடிமகள் ஆயிற்றே. செந்தில் அண்ணா, இரண்டாவது பக்கம் எங்கே? பேக்கேஜில் சேராதவை என்று இருக்குமே.

செந்தில்: பொடி எழுத்தில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட், இதய டாக்டர் ஆலோசனை, ரத்தம், ஏற்கெனவே உள்ள நோய்க்கான வைத்தியம், 5 நாளுக்கு மேல் தங்கினால் அதற்கு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு மருந்து, பிசியோ, வாக்கர், கூட இருப்பவர் சாப்பாடு. இதெல்லாம் சில்லறைச் செலவுதானே?

கவிதா: ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்பது சில்லறை இல்லை. மலர், அம்மாவுக்கு மூன்று மாத சுகர் எவ்வளவு?

மலர் (ஈப்போ): போன மாதம் 9.1 கவிக்கா.

கவிதா: அங்கேதான் சிக்கல். சுகர் அவ்வளவு இருந்தால் புண் ஆறாது, மூட்டில் சீழ் பிடிக்கிற பயம் வேறு. 8-க்குக் கீழே வரட்டும் என்று தள்ளிப்போடுகிற டாக்டர்கள் நிறைய. படுக்கையில் சேர்த்து இன்சுலின் போட்டுக் குறைக்கலாம் என்றாலும், அந்த நாட்கள் எல்லாம் பேக்கேஜுக்கு வெளியே. உத்தேசமாகச் சொல்கிறேன்: முன்னால் 4 நாள், நாளுக்கு 9,000 என்றால் 36,000. டெஸ்டும் இதய டாக்டரும் 18,000. வீட்டுக்கு வந்து 20 தடவை பிசியோ, தடவைக்கு 700, ஆக 14,000. வாக்கர், கமோட் நாற்காலி 6,000. ஆக 74,000. மொத்தம் 3,94,000 ஆகிவிடும்.

முருகேசன் மாமா: அப்படியானால் ஒரு மாதம் முன்னாலேயே வரட்டும். பாகற்காய் ஜூஸும் கேழ்வரகுக் களியும் கொடுத்து நான் இறக்கிக் காட்டுகிறேன்.

கவிதா: களியும் மாவுச்சத்துதான் மாமா. அதைவிட, இ-மெடிக்கல் விசாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து 60 நாள்தான். இங்கே ஒரு மாதம் சுகருக்கே போனால், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து விமானம் ஏறுங்கள் என்று டாக்டர் சொன்னால் நாள் போதாது. காலில் ரத்தம் கட்டுகிற பயத்தால்தான் அப்படிச் சொல்வார்கள். சுகரை ஈப்போவிலேயே குறைத்துவிட்டு வருவதுதான் சரி. அந்த மூன்று மாத சுகர் டெஸ்டில் மாற்றம் முழுசாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் இந்த லெட்டர் காலாவதி. புது தேதியில் வாங்கிக்கொள்ளலாம், விலை மட்டும் மாறலாம்.

மலர்: அம்மா தனி அறைதான் வேணும் என்கிறார்.

கவிதா: அறை மாறினால் வாடகை மட்டும் ஏறாது மலர். பல இடங்களில் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே அறையைப் பார்த்துத்தான். நாள் வாடகை 5,000-க்கு மேல் போனால் அதற்கு 5% ஜிஎஸ்டி வேறு. தனி அறைக்கு வேறு எஸ்டிமேட் கேளுங்கள், அம்மா இரண்டையும் பார்த்து முடிவு செய்யட்டும்.

செந்தில்: லெட்டரில் பெயர் வெறும் லட்சுமி என்றிருக்கிறது. பரவாயில்லையா?

மலர்: பாஸ்போர்ட்டில், மலாயில் மகள் என்று குறிக்கிற A/P போட்டு தாத்தா பெயரும் இருக்கிறது.

கவிதா: புது லெட்டரில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, அந்த A/P உட்பட, போடச் சொல்லுங்கள். விசாவுக்கு இந்த லெட்டரைத்தான் ஏற்றப்போகிறோம்.

சரோஜா பெரியம்மா: நம் வீட்டுக் கக்கூஸ் குத்தவைக்கிற கக்கூஸ். அவள் எப்படி உட்காருவாள்?

கவிதா: அதற்குத்தான் அந்தக் கமோட் நாற்காலி, பெரியம்மா.

முருகேசன் மாமா: இரண்டு முட்டியும் வலிக்கிறது என்றாளே. லெட்டரில் வலது மட்டும்தானே இருக்கிறது?

செந்தில்: அதுவும் கேட்க வேண்டியதுதான். மலர், எக்ஸ்ரே அனுப்பினாயே, இரண்டு காலுக்கும் எடுத்ததா?

மலர்: வலதுக்கு மட்டும்தான் எடுத்தோம் மாமா.