கோமதி சொன்ன வார்த்தை

செல்வி: விஜயா சித்தி, என் ஃப்ரெண்டு கோமதியோட அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்காங்கல்ல. நேத்து போனப்ப இடுப்புப் பக்கம் சிவந்திருந்துச்சு. "சரியாத் திருப்பிப் படுக்க வைக்கலையா"ன்னு கேட்டேன். "புள்ள பெத்து வளத்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டம் தெரிஞ்சிருக்கும்"னுட்டா. மனசு ஆறவே இல்ல.

முருகன் மாமா: அசதில வந்த வார்த்தைம்மா. காதுல விழாத மாதிரி விட்டுடு.

கலா அத்தை: எங்க மாமியாருக்கு ஏர் பெட் போட்டதும் புண்ணு ஆறிடுச்சு. வாங்கச் சொல்லு.

விஜயா சித்தி: அண்ணி, ஏர் பெட் போட்டாலும் ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பித்தான் ஆகணும். செல்வி, விஷயமே அங்கதான் இருக்கு. ராத்திரி 10, 12, 2, 4ன்னு தனியாளா எழுந்து திருப்புறவளுக்கு ஒரே மூச்சா ரெண்டு மணி நேரத் தூக்கம்கூடக் கிடையாது. அந்த நிலைமைல சாதாரணமா கேட்டாலும் குத்தம் சொல்ற மாதிரிதான் விழும். அதுவும் படுக்கைப்புண் வந்துடுமோன்னு அவளே பயந்துகிட்டிருப்பா.

செல்வி: அப்ப தப்பு என் மேலயா சித்தி?

விஜயா சித்தி: இல்லம்மா. எரிஞ்சு விழுந்தது அசதி, அதை மாமா சொல்ற மாதிரி விட்டுடலாம். புள்ளையை இழுத்தது வேற. அதை முழுங்கிட்டேன்னா கொஞ்சம் கொஞ்சமா நீ போறதே நின்னுடும், ஏன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. சொல்லிட்டுத்தான் மன்னிக்கணும்.

செல்வி: மெசேஜ் போடவா?

விஜயா சித்தி: வேண்டாம். ராத்திரி 2 மணிக்குப் படிச்சா இன்னொரு சண்டையாத்தான் தெரியும். முதல்ல அவ தூங்கணும். சனிக்கிழமை மதியம் போய் "நான் பாத்துக்கறேன், நீ படு"ன்னு சாயங்காலம் வரைக்கும் இரு. அன்னிக்கு இதைப் பேசாதே, செஞ்சதுக்குக் கூலி கேக்கற மாதிரி ஆயிடும். ரெண்டு நாள் கழிச்சு வெளித் திண்ணைல பேசு. அம்மாவுக்குப் பேச்சு வராட்டாலும் காது கேக்கும். "புள்ளையைப் பத்திச் சொன்னது ரொம்ப வலிச்சுது. நீ ஓஞ்சு போயிருந்தேன்னும் தெரியும். நான் வராம இருக்க மாட்டேன்." இவ்வளவுதான், அப்புறம் வாயை மூடிக்கோ. அவ அழுதா உடனே "பரவால்ல"ன்னு சொல்லாதே, வலிச்சது நிஜம்தானே.

முருகன் மாமா: அவ மன்னிப்பே கேக்கலைன்னா?

விஜயா சித்தி: கேக்காமலும் மன்னிக்கலாம் அண்ணா. ஆனா நல்லாத் தூங்கி எழுந்தப்புறமும் அதையே சொன்னான்னா, அது அசதி இல்ல.

செல்வி: பழையபடி அவகிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுமான்னு தெரியல சித்தி. ஆனா சனிக்கிழமை போறேன். எப்படித் திருப்பணும்?

விஜயா சித்தி: ட்யூப்ல ஆகாரம் குடுத்ததும் அரைமணி நேரம் தலைப்பக்கம் உயரமாவே இருக்கட்டும். அப்புறமா ஒருக்களிச்சுப் படுக்க வை. முதுகுக்கு ஒரு தலைகாணி, ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒண்ணு. விளங்காத கையைப் பிடிச்சு இழுக்காதே. சிவந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது.