அப்பாவின் கால் புண்: கட்டு மாற்றிய குறிப்புகளை வார அட்டவணையாக மாற்றுவது எப்படி?

தென்றல்:
அப்பாவுக்குச் சர்க்கரை. வலது பாதத்தில் கட்டை விரலுக்குக் கீழே புண். ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறார்கள். வருபவர்கள் மாறி மாறி வருவதால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நோட்டில் எழுதுகிறார்கள். அளவு, நீர் கசிவு, தோற்றம் என்று வாரத்துக்கு ஒரு வரியாக எழுதி வரும்படி டாக்டர் கேட்டிருக்கிறார். நோட்டில் இருப்பது இதுதான்:

ஜூன் 3: 3.2 x 2.1, நீர் மிதம், பாதி மஞ்சள்
ஜூன் 5: கட்டு நனைஞ்சிருந்தது, சிவப்பா இருக்கு
ஜூன் 7: 2.2 x 3.1
ஜூன் 10: டாக்டர் கெட்ட சதையை வெட்டினார், பிறகு 3.6 x 2.5, ரத்தக் கசிவு
ஜூன் 17: 3.2 x 2.2, நீர் குறைவு, பெரும்பாலும் சிவப்பு

இதில் புண் பெருகுகிறதா, ஆறுகிறதா என்றே எனக்குப் புரியவில்லை.

ஷீட் பிரியன்:
ஒரு வாரத்து எண்களையெல்லாம் சராசரி எடுங்க, சுலபம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினா பரப்பு வந்துடும். மஞ்சள்னா சீழ், அதுக்குத் தனியா ஒரு கட்டம் போடுங்க.

கட்டு நர்ஸ்:
பெருக்குவது சரி. சராசரிதான் கூடாது. ஜூன் 3-லும் 7-லும் புண் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் நீளம் என்று எழுதியதை இன்னொருவர் அகலம் என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் சராசரி எடுத்தால் 2.7 x 2.6 என்று அப்பா காலில் இல்லாத ஒரு வட்டப் புண் வரும். வாரத்தில் ஒரே நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று புண்ணைக் கழுவிய பிறகு, புதுக் கட்டு போடும் முன் அளக்கச் சொல்லுங்கள். குதிகாலிலிருந்து விரல் பக்கம் போவதுதான் எப்போதும் நீளம், அதற்குக் குறுக்கே அகலம். இதை நோட்டின் முதல் பக்கத்தில் படமாக வரைந்து வைத்தால் யார் வந்தாலும் மாறாது.

மஞ்சள் எல்லாம் சீழ் இல்லை, தம்பி. துடைத்தாலும் வராமல் ஒட்டியிருக்கும் மஞ்சள் படலம் செத்த திசு. அதைத் தோற்றத்தில் எழுத வேண்டும். வழிகிற, நாறுகிற கெட்டியான நீரைக் கசிவில் எழுத வேண்டும்.

தென்றல், உங்கள் நோட்டிலிருந்து நான் இப்படி எடுப்பேன்:

| தேதி | அளவு (செ.மீ.) | பரப்பு | நீர் கசிவு | தோற்றம் |
|---|---|---|---|---|
| ஜூன் 3 | 3.2 x 2.1 | 6.72 | மிதம் | பாதி மஞ்சள், மீதி குறிக்கவில்லை |
| ஜூன் 10 | 3.6 x 2.5 | 9.00 | ரத்தம், அளவு குறிக்கவில்லை | குறிக்கவில்லை. சதை வெட்டிய பின் |
| ஜூன் 17 | 3.2 x 2.2 | 7.04 | குறைவு | பெரும்பாலும் சிவப்பு |

எழுதாததை ஊகித்து நிரப்பாதீர்கள். ஜூன் 10-ல் புண் பெருகியது நோயால் இல்லை, கத்தியால். அதனால் 17-ஆம் தேதியை 10-ஓடு ஒப்பிடுங்கள்:

```
D2: =B2*C2
D3: =B3*C3
D4: =B4*C4
E4: =ROUND(($D$3-D4)/$D$3*100,0)
```

முதல் வரி தலைப்பு; 2, 3, 4-ஆம் வரிகள் ஜூன் 3, 10, 17. B நீளம், C அகலம், D பரப்பு. E4-ல் 22 என்று வரும், அதாவது நூற்றுக்கு 22 குறைந்திருக்கிறது. ஜூன் 3-ஓடு ஒப்பிட்டால் கூடியதாகக் காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

பெரிய வீடு:
எங்க அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். எந்த மருந்து தடவினா சீக்கிரம் ஆறும்?

கட்டு நர்ஸ்:
அம்மா, பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். தனி இழை போடுங்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தென்றல்:
நன்றி அக்கா. ஜூன் 5-இன் "கட்டு நனைஞ்சிருந்தது" எதில் சேரும்?

கட்டு நர்ஸ்:
எதிலும் சேராது. வெறும் காஸ் என்றால் கொஞ்ச நீரிலேயே நனைந்துவிடும்; ஃபோம் கட்டு இரண்டு நாள் தாங்கும். எந்தக் கட்டு, எத்தனை மணி நேரம் இருந்தது, எவ்வளவு நனைந்தது என்ற மூன்றும் வேண்டும். "ஃபோம், 48 மணி, பாதி நனைந்தது" என்று இருந்தால் அடுத்த வாரத்தோடு ஒப்பிடலாம். தோற்றத்தில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் கூட்டி 100 வரும்படி எழுதச் சொல்லுங்கள். ஓரத்தில் காய்ப்பு இருக்கிறதா, ஊறி வெளுத்திருக்கிறதா என்றும் ஒரு சொல். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ வார நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.

ஓய்வு பெற்ற கம்பவுண்டர்:
சதை வெட்டியதும் கணக்கை மாற்றித் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாலு வாரத்தில் பரப்பு பாதியாவது குறையாவிட்டால் சிகிச்சையை மறுபடி யோசிக்க வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் தொடக்கத்தை நகர்த்தினால் அந்த நாலு வாரம் வரவே வராது.

கட்டு நர்ஸ்:
அதுவும் நியாயம்தான் ஐயா. இரண்டு சதவீதமும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும், எதை நம்புவது என்று அவர்கள் டாக்டர் சொல்லட்டும்.

தென்றல்:
சரி, F-ல் ஜூன் 3-ஐ வைத்து இன்னொன்று போட்டேன், -5 வருகிறது. ஆழத்தை இதுவரை யாருமே அளக்கவில்லை. அடுத்த செவ்வாய் வருபவரிடம் கேட்கிறேன்.