பேச்சை நிறுத்தியும் "ம்" வந்துகிட்டே இருந்தது

சுங்கை சிப்புட் டீச்சர்:
வீட்டுக்காரர் இங்கிலாந்துல ஆஸ்பத்திரியில வேலை, நான் இங்க மலேசியாவுல தமிழ்ப்பள்ளியில. அவர் பகல் ஷிப்ட் முடியும்போது நமக்கு விடிகாலை ஆயிடும். அதனால அங்க மதியம் ஒன்றரைக்கு அவருக்கு விடுற அரை மணி ஓய்வுலதான் வீடியோ கால். கோடையில அது இங்க இரவு எட்டரை. மக என் மடியில உட்கார்ந்து அப்பாகிட்ட கதை சொல்வா. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தைப் பின்னால வைச்சதும் எட்டரை ஒன்பதரை ஆயிடுச்சு. அவ தூங்கிடுறா. எனக்கு ஐந்தரைக்கு எழணும்.

போன வாரம் பாப்பாவை காய்ச்சலோட கிளினிக் கொண்டு போனதைச் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதியில நிறுத்திட்டேன். அவர் சாப்பிட்டுக்கிட்டே "ம்... ம்..."னு தலையாட்டிக்கிட்டே இருந்தார். கண்ணு போன்ல மேலயும் கீழயும் ஓடுச்சு. அப்புறம் "சரி, நல்லது"ன்னார். காய்ச்சலுக்கு என்ன நல்லது?

தோட்டத்து ராணி:
டீச்சர், அது லைன் கோளாறு. நீங்க பேசுறது லேட்டா போகும், "ம்"மும் லேட்டா வரும். எங்க வீட்டுக்காரர் மெல்பர்ன் பக்கம் பழத்தோட்டத்துல. இப்ப நம்மைவிட மூணு மணி முன்னால. எங்களுக்குக் கோயில் பக்கம் போனாத்தான் லைன் கிடைக்கும். எட்டு மணிக்குக் கூப்பிட்டா அங்க பதினொண்ணு, கொட்டாவி விட்டுக்கிட்டே பேசுவார். நானும் அஞ்சுக்கே ரப்பர் மரம் சீவ எழணும். உங்களுக்கு அரை மணியாவது இருக்கு!

பழைய தோஹாக்காரன்:
ராணி தங்கச்சி, லைன் தாமதம் ஒரு விநாடி, மிஞ்சினா ரெண்டு. அப்போ படமும் உறையும், குரலும் வெட்டும். டீச்சர் சொல்றதுல படம் ஒழுங்கா ஓடுது, கண்ணுதான் வேற இடத்துல.

தோஹா நம்மைவிட 5 மணி நேரம் பின்னால. நானும் இப்படித்தான் மெசேஜ் பார்த்துக்கிட்டே பேசினேன். "படத்தை மூடிட்டு நடந்துக்கிட்டே பேசுங்க"ன்னு மனைவி சொன்னா. போன் காதுல இருந்தா திரையைப் பார்க்க முடியாது, அதுலதான் பேச்சு திரும்ப வந்துச்சு. ஓய்வு நேரத்துல வீடியோ வேண்டாம் டீச்சர்; அவர் சாப்பிடணும், வார்டு மெசேஜும் பார்க்கணும். காய்ச்சல் மாதிரி விஷயத்தைக் குரல் பதிவா அனுப்பிடுங்க, நடந்து வீட்டுக்குப் போகையில கேட்பார். வீடியோவை அவர் லீவு நாளுக்கு வைங்க. அங்க காலை பதினொண்ணுன்னா இங்க மாலை ஏழு, பாப்பா முழிச்சிருக்கும். மார்ச் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் அதே ஏழு மணிக்கு அங்க பன்னிரண்டு, அதையும் ஞாபகம் வைங்க.

சுங்கை சிப்புட் டீச்சர்:
அண்ணே, லீவு நாள் வாரா வாரம் மாறுது. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலை எட்டுக்கு வெளியே வரும்போது இங்க மாலை நாலு, ஆனா அவருக்குக் கண்ணு சொக்கும். குரல் பதிவை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். கேட்டுட்டு பதில் போடுவாரான்னு தெரியலை.

ராணி, இருட்டுல கோயில் பக்கம் தனியா போகாதீங்க.